டிரையர் ரிஜிஸ்டரில் 14.0: புதிதாகச் சேர்ந்த நிறுவனத்தின் பண்பாட்டை மூன்று அடுக்காகப் படிக்கும் முறை

மன்னார்குடிப் பக்கம் ஒரு புழுங்கல் அரிசி ஆலையில் தரக் கண்காணிப்பாளராகச் சேர்ந்த முதல் வாரம், டிரையர் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு லாட்டும் டிரையரிலிருந்து இறங்கும்போது, இரவு லாட் என்றால் காலை ஆறு மணிக்கு, நெல்லில் எத்தனை சதவீதம் ஈரம் என்று அதில் எழுத வேண்டும். 14.0, 14.0, 13.9, 14.0. பக்கம் பக்கமாக அதே எண். ஐப்பசி அடைமழையிலும் 14.0, மாசி வெயிலிலும் 14.0. ஆனால் அரைவைக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரவில் காய்ந்த லாட்டுகளில் நொய் கூடுதலாக விழுந்திருந்தது. சில நாட்களில் பகல் லாட்டைப் போல இரண்டு மடங்கு.

இதை நான் இயந்திரக் கோளாறு என்று நினைத்து ஒரு மாதம் ஓட்டினேன். மீட்டரை மாற்றினோம், ரப்பர் ரோலரை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் விடை கிடைத்தது அந்த ஆலையின் பழக்கத்தில், அதற்கும் கீழே அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு நம்பிக்கையில். புதிதாக ஒரு இடத்தில் வேலைக்குச் சேருகிறவர்கள் அந்த நம்பிக்கை வரைக்கும் எப்படிப் போவது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஆலைக்குப் பதில் கூட்டுறவு சங்கமோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, கும்பகோணத்துப் பாத்திரக் கடையோ எதுவாக இருந்தாலும் வழி இதேதான்.

மூன்று அடுக்கு என்றால் என்ன

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் பேராசிரியராக இருந்த எட்கர் ஷைன் (1928–2023) ஒரு நிறுவனத்தின் பண்பாட்டை மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்.

மேல் அடுக்கு, கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவது. யார் எங்கே உட்காருகிறார்கள், யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், என்ன ரிஜிஸ்டர் எழுதுகிறார்கள், ஆயுத பூஜைக்கு முதல் சந்தனம் எதன் மீது வைக்கிறார்கள் என்பதெல்லாம் இதில் சேரும். நடு அடுக்கு, அங்கே இருப்பவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. சுவரில் எழுதியிருக்கும் வாசகம், முதலாளி கூட்டத்தில் பேசுவது, ‘நம்ம இடத்துல இப்படித்தான்’ என்று பெருமையாகச் சொல்வது. அடி அடுக்கு, யாரும் சொல்லாதது. சொல்லத் தேவையே இல்லை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டது. நடத்தையை உண்மையில் நடத்துவது இந்த அடி அடுக்குதான்.

ஷைன் சொன்னதில் எனக்கு மிகவும் உதவியது, அடி அடுக்கு எங்கிருந்து வருகிறது என்ற விளக்கம். நிறுவனத்தைத் தொடங்கியவர் ஒரு சிக்கலை ஒரு விதமாகச் சமாளிக்கிறார், அது பலிக்கிறது. மறுபடி அப்படியே செய்கிறார்கள், மறுபடியும் பலிக்கிறது. பல வருஷம் பலித்த பிறகு அது ஒரு வழி என்பதே மறந்துபோய், உலகமே அப்படித்தான் என்று ஆகிவிடுகிறது. ஆகவே அடி அடுக்கில் இருப்பது பெரும்பாலும் ஒரு காலத்தில் ஜெயித்த பாடம். அதைக் குறை என்று நினைத்துத் தேடப் போனால் கிடைக்காது.

படி 1: கேள்வியைச் சின்னதாக வையுங்கள்

‘எங்கள் நிறுவனத்தின் பண்பாடு என்ன’ என்று தொடங்காதீர்கள். அதற்கு முடிவே இல்லை. கிடைக்கும் பதிலும் ‘நல்ல குடும்பம் மாதிரி இருப்போம்’ என்ற அளவில்தான் இருக்கும். உங்களை உறுத்தும் ஒரு வேலைச் சிக்கலை எடுங்கள். என் கேள்வி இதுதான்: இரவு லாட்டில் ஏன் நொய் கூடுகிறது, அது ஏன் காலை வரை யாருக்கும் தெரியாமல் இருக்கிறது?

சிக்கலின் தொழில் பக்கத்தையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் பண்பாட்டின் தலையில் கட்டிவிடுவீர்கள். எங்கள் விஷயத்தில் அது இப்படி. ஊறவைத்து அவித்த நெல் டிரையருக்கு வரும்போது ஈரம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அரைக்க 14 சதவீதம் அளவுக்கு வர வேண்டும். 16 முதல் 18 வரை இறங்கும்வரை கொஞ்சம் வேகமாகக் காயவைக்கலாம், பெரிய கெடுதல் இல்லை. அங்கே சூட்டை நிறுத்திச் சில மணி நேரம் ஆறப்போட வேண்டும். நெல்மணிக்குள் இருக்கும் ஈரம் மெல்ல வெளிப்பக்கம் வந்து சமமாகும். அப்புறம் நிதானமாக 14க்கு இறக்கலாம். ஆறப்போடாமல் சூட்டைக் கூட்டி ஒரே மூச்சில் இறக்கினால் மீட்டர் 14 என்று சரியாகத்தான் காட்டும், ஆனால் மணிக்குள் விரிசல் ஓடியிருக்கும். அரைக்கும்போது அது நொய்யாக விழும்.

ஆக, இரவில் யாரோ ஆறப்போடும் நேரத்தை வெட்டுகிறார்கள் என்பது வரைக்கும் தொழிலறிவு சொல்லிவிட்டது. ஏன் வெட்டுகிறார்கள், ஏன் சொல்வதில்லை என்பதற்கு அது பதில் சொல்லாது.

படி 2: முதல் இரண்டு வாரம் எழுத மட்டும் செய்யுங்கள்

புதிதாக வந்தவருக்கு ஒரு வசதி உண்டு, அது சீக்கிரம் போய்விடும். மற்றவர்களுக்குக் கண்ணில் படாதது உங்களுக்குப் படும். ஒரு மாதம் கழித்தால் உங்களுக்கும் படாது. அதனால் சேர்ந்த அன்றே சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள், காரணம் எழுதாதீர்கள். ‘ஃபோர்மேனுக்குப் பயப்படுகிறார்கள்’ என்பது காரணம். ‘ஃபோர்மேன் வந்ததும் நால்வர் பேச்சை நிறுத்தினார்கள்’ என்பதுதான் பார்த்தது.

என் நோட்டில் இருந்த சில வரிகள்:

இரவு ஷிஃப்ட்டில் யார் போனிலும் முதலாளி நம்பர் முதல் பக்கத்தில் இல்லை. டிரையர் அண்ணன் மீட்டரில் பார்க்கும் முன்பே நாலு நெல்மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, அப்புறம்தான் மீட்டரை எடுக்கிறார். பாய்லரில் போடும் உமி நனைந்திருந்தால் ஆவி குறைகிறது. யாரும் கேட்காமலே இரண்டு பேர் ஓடிப்போய் உலர்ந்த மூட்டையைப் பின்கட்டிலிருந்து தூக்கி வருகிறார்கள். காலை டீக்கடையில் இரவு நடந்த அத்தனை கோளாறும் சத்தமாக, சிரிப்போடு சொல்லப்படுகிறது. டிரையர் பக்கத்துச் சுவரில் நெல்லைக் கூட்டித் தள்ளும் பழைய மரப்பலகை ஒன்று மாட்டியிருக்கிறது. களம் இல்லாத ஆலை, பலகைக்கு வேலையே இல்லை. ஆயுத பூஜைக்கு முதல் சந்தனப் பொட்டு அதற்குத்தான்.

கடைசி இரண்டு வரிகளும் பின்னால் பெரிதாக உதவின. எழுதும்போது எனக்கு அது தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், எது முக்கியம் என்று அப்போதே முடிவு செய்யாமல் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள்.

மேல் அடுக்கைப் பார்ப்பது எளிது, அதற்கு அர்த்தம் சொல்வதுதான் வழுக்கும். ஷைனே இதில் வழுக்கியதை எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்துக்கு அவர் ஆலோசகராகப் போனார். கூட்டங்களில் ஒருவரை ஒருவர் பேச விடாமல் வெட்டிப் பேசினார்கள், கத்தினார்கள். நாகரிகமாகக் கேட்கப் பழகுங்கள் என்று இவர் அறிவுரை சொன்னார். எல்லோரும் ஆமாம் என்றார்கள், அடுத்த கூட்டத்திலும் அதே கத்தல். அங்கே ஒரு யோசனை நல்லதா என்று தெரிய வேண்டுமானால் அதை நாலு பேர் தாக்கிப் பார்க்க வேண்டும், தாங்கி நின்றால்தான் அது உண்மை என்பது அடி அடுக்கில் இருந்த நம்பிக்கை. இது புரிந்த பிறகு அவர் அறிவுரையை விட்டுவிட்டார். சத்தத்தில் யாருடைய யோசனையாவது தொலையப் போகும்போது எழுந்து போய்ப் பெரிய தாளில் அதை எழுதிவைத்தார். அது அவர்களுக்கு உதவியது. இந்த இரண்டாவது பகுதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் படியில் தேவைப்படும்.

படி 3: சொல்லிக்கொள்வதைத் தனியாகச் சேருங்கள்

இதற்கு அதிக நேரம் வேண்டாம், இரண்டு மூன்று நாள் போதும். சுவர் வாசகங்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். முதலாளியிடம், மேனேஜரிடம், பழைய ஆட்களிடம் தனித்தனியாக ‘இங்கே நல்ல வேலைக்காரன்னா யாரு?’ என்று கேளுங்கள். பதிலை உங்கள் வார்த்தையில் மாற்றாமல் அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

எங்கள் டிரையர் மேல் ஒரு பலகை இருந்தது: ‘சிறு குறை என்றாலும் உடனே தெரிவிக்கவும்.’ முதலாளி அதை மனதாரச் சொன்னார். ‘ராத்திரி ரெண்டு மணின்னாலும் கூப்பிடுங்கன்னு சொல்லியிருக்கேன் தம்பி. ஒருத்தனும் கூப்பிட மாட்டேங்குறான்.’ பழைய ஆட்களும் தரம்தான் முக்கியம் என்றார்கள். நடு அடுக்கில் பொய் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் சொல்கிறவர் நம்பித்தான் சொல்கிறார்.

படி 4: இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒட்டாத இடத்தைத் தேடுங்கள்

ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் சொல்வது என்று எழுதுங்கள். ஒட்டும் வரிகளை விட்டுவிடுங்கள். ‘சுத்தமே முக்கியம்’ என்று சொல்லி இடமும் சுத்தமாக இருந்தால் அங்கே தோண்ட ஒன்றுமில்லை. ஒட்டாத வரிகளில் உங்கள் கேள்வியைத் தொடுவது எது என்று பாருங்கள்.

எனக்குக் கிடைத்தது இது. வலப்பக்கம்: உடனே தெரிவிக்கவும். இடப்பக்கம்: இரவில் யாரும் கூப்பிடுவதில்லை, ரிஜிஸ்டரில் எப்போதும் 14.0.

இந்த இடத்தில்தான் பலரும் தப்பு செய்கிறார்கள், நானும் செய்தேன். ஒட்டாத இடத்தைப் பார்த்ததும் கையில் தயாராக இருக்கும் காரணத்தை ஒட்டவைத்துவிடுகிறோம். சோம்பல் என்போம், இல்லையென்றால் பயம் என்போம். நான் பயம் என்று முடிவு கட்டினேன். முதலாளியிடமே போய், ‘உங்கள் மேல் பயம் இருக்கிறது’ என்று சொன்னேன். பாவம், அவர் ஒரு வாரம் எல்லோரிடமும் இன்னும் கனிவாகப் பேசிப் பார்த்தார். ரிஜிஸ்டரில் 14.0 மாறவில்லை.

நோட்டைத் திரும்பப் படித்தபோதுதான் இடித்தது. பயந்தவர்கள் கோளாறை மறைப்பார்கள். இவர்கள் மறைக்கவில்லையே, காலையில் டீக்கடையில் ஊருக்கே கேட்கும்படி சொல்கிறார்களே! முதலாளி பக்கத்து பெஞ்சில் இருக்கும்போதே சொல்கிறார்கள். கோளாறு நடக்கும்போது வாய் திறப்பதில்லை, சரிசெய்து முடித்த பிறகு சொல்கிறார்கள். அப்படியென்றால் சிக்கல் பயத்தில் இல்லை, எப்போது சொல்வது என்பதில் இருக்கிறது. நீங்கள் பிடித்துவைத்த காரணம் நோட்டில் உள்ள எல்லா வரிகளுக்கும் பொருந்துகிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஒரே ஒரு வரி முரண்டு பிடித்தாலும் காரணத்தைக் கீழே போடுங்கள்.

படி 5: அங்கே இருப்பவர்களை உட்காரவைத்துப் பேசுங்கள்

அடி அடுக்கை வெளியாள் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே இருப்பவர்களாலும் தனியாக முடியாது, அவர்களுக்கு அது மூச்சு மாதிரி. இருவரும் சேர்ந்தால் முடியும்.

கேள்வித்தாள் அடித்துக் கொடுத்து எல்லோரிடமும் டிக் போடச் சொல்வது வேண்டாம். ஷைன் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். எதைக் கேட்க வேண்டும் என்பதே நமக்கு இன்னும் தெரியாது. தவிர, ஒவ்வொருவரும் தனியாக எழுதும் அபிப்பிராயங்களைக் கூட்டினால் எல்லோருக்கும் பொதுவான நம்பிக்கை வந்துவிடாது. அது பேச்சில், ஒருவர் தொடங்க இன்னொருவர் முடிக்கும்போதுதான் வெளியே வரும்.

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். பழைய ஆட்கள் பாதி, சேர்ந்து ஒரு வருஷம் ஆகாதவர்கள் இரண்டு மூன்று பேராவது இருக்கட்டும். முதலாளி இருக்க வேண்டாம், ஆனால் அவருக்குத் தெரிந்து, அவர் ஒப்புக்கொண்டு நடக்கட்டும். அரை நாள் ஒதுக்குங்கள். சம்பா அறுவடை சமயத்தில் கூப்பிட்டால் யாருக்கும் மனசு இருக்காது. நாங்கள் குறுவை நெல் வருவதற்கு முன்பு, ஆலையை நிறுத்திப் பராமரிப்பு பார்க்கும் வாரத்தில் வைத்தோம், அதுவும் டிரையர் பக்கத்திலேயே. ஆபீஸ் அறையில் உட்காரவைத்தால் டிரையர் ஆட்கள் நாற்காலி நுனியில்தான் உட்காருவார்கள்.

பேச்சை எப்படி நடத்துவது? முதலில் மேல் அடுக்கு. சுவரில் பெரிய தாள் ஒட்டி, புதியவர்களிடம் கேளுங்கள்: ‘சேர்ந்தப்போ உங்களுக்கு எது விசித்திரமா இருந்துச்சு?’ அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். பழையவர்கள் சிரித்துக்கொண்டே சேர்த்துச் சொல்வார்கள். ஒரு மணி நேரம் இதற்கே போகும், போகட்டும். அப்புறம் சுவர் வாசகங்கள். அப்புறம் ஒட்டாத இடத்தைக் காட்டி, குற்றம் சாட்டாமல் கேளுங்கள்.

‘ஏன் கூப்பிடுவதில்லை’ என்று நேராகக் கேட்டால் ‘இனிமே கூப்பிடுறோம் சார்’ என்ற பதில்தான் வரும். அங்கேயே கதவு மூடிவிடும். இந்த மாதிரிக் கேள்விகள் கதவைத் திறக்கும்: புதுசா வர்ற பையனுக்கு முதல் ராத்திரி என்ன சொல்லிக்கொடுப்பீங்க? எந்த மாதிரி ஆளால இங்கே காலந்தள்ள முடியாது? இங்கே வேலை பார்த்தவங்கள்ல யாரைப் பத்தி இன்னமும் பேசுறீங்க?

மூன்றாவது கேள்விக்கு டிரையர் அண்ணன் சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். பெரிய முதலாளி காலத்தில் டிரையர் கிடையாது, அவித்த நெல் களத்தில்தான் காயும். ஒரு ஐப்பசி இரவு, திடீரென்று மழை. பெரிய முதலாளி வெளியூர் போயிருந்தார். களத்தில் இருந்த ஏழெட்டு பேர் யாரையும் கேட்காமல், அந்தப் பலகையால் நெல்லைத் தள்ளிக் குவித்து, தார்ப்பாய் போதாமல் தங்கள் வீட்டுப் பாய், போர்வை எல்லாவற்றையும் கொண்டுவந்து மூடியிருக்கிறார்கள். விடிந்து வந்து பார்த்த பெரிய முதலாளி ஆளுக்கொரு வேட்டி எடுத்துக் கொடுத்தாராம். ‘கேட்டுக்கிட்டு நிக்காம செஞ்சான் பாரு, அவன்தான் வேலைக்காரன்’ என்று சொன்னாராம்.

‘எங்கப்பாவும் அந்த ஏழு பேர்ல ஒருத்தர் தம்பி’ என்றார் அண்ணன்.

பேச்சில் இப்படி ஒரு கதை வந்து, எல்லோரும் தலையாட்டினால் அங்கே நில்லுங்கள். அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள். நான் மெதுவாகக் கேட்டேன்: ‘அப்ப, நடு ராத்திரில முதலாளியைக் கூப்பிட்டு ஈரம் இறங்கலைன்னு சொன்னா என்ன அர்த்தம்?’ கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பாய்லர் பார்ப்பவர் சொன்னார்: ‘எனக்கு வேலை தெரியலைன்னு அர்த்தம்.’

படி 6: கிடைத்ததை ஒரு வாக்கியமாக எழுதிச் சோதியுங்கள்

நாங்கள் எழுதிய வாக்கியம்: ‘வேலை தெரிந்தவன் பிரச்சினையைக் கொண்டுவர மாட்டான், முடித்த வேலையைத்தான் கொண்டுவருவான்.’

இது உண்மையிலேயே அடி அடுக்கா அல்லது அழகான ஒரு வரியா என்று சோதிக்க வேண்டும். நான் பார்ப்பது இரண்டு விஷயம். முதலாவது, இந்த வாக்கியம் உண்மையென்றால் நான் இதுவரை பார்க்காத இடத்திலும் இதே நடத்தை இருக்க வேண்டும். போய்ப் பார்த்தேன். கணக்குப் பிள்ளை வங்கிக் கணக்கு இடித்தால் இரண்டு நாள் தானே உட்கார்ந்து சரிசெய்துவிட்டுத்தான் சொல்கிறார். அதைவிட முக்கியம், முதலாளியும் இதே ரகம். திருச்சி வியாபாரிக்கு லோடு தாமதமானால், லாரி கிளம்பிய பிறகுதான் போன் போடுவார். பலகையில் ‘உடனே தெரிவிக்கவும்’ என்று எழுதிய அதே மனிதர்! ஆக இது தொழிலாளர் குறை இல்லை, மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் பொதுவானது.

இரண்டாவது, இந்த நம்பிக்கை எங்கே நின்றுவிடுகிறது என்று பார்க்க வேண்டும். நிறம் மாறிய அரிசியைப் பிரித்தெடுக்கும் சார்டெக்ஸ் இயந்திரத்தில் வேலை பார்க்கும் ஒடிசா பையன்களிடம் இது இல்லை. இயந்திரத்தில் விளக்கு மாறி எரிந்தாலே மேஸ்திரிக்குப் போன் போட்டுவிடுவார்கள். களத்துக் கதை அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் கற்ற பாடம் வேறு. ஒரே கூரைக்கு அடியில் இரண்டு மூன்று பண்பாடு இருப்பது சாதாரணம். எந்தக் குழுவைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று வாக்கியத்தோடு சேர்த்து எழுதிவையுங்கள்.

இப்போது தொழிலறிவையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். களத்தில் மழை வந்தால் கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. செய்தால் நெல் பிழைக்கும், அதனால் அந்தப் பாடம் சரியாக இருந்தது. டிரையரில் நிலைமை வேறு. உமி நனைந்து, ஆவி குறைந்து, விடியற்காலை மூன்று மணிக்கு ஈரம் 18இல் நிற்கிறது என்று வையுங்கள். காலைக்குள் முடித்த வேலையாகக் காட்ட அண்ணனால் செய்ய முடிந்தது ஒன்றுதான், ஆறப்போடாமல் சூட்டைக் கூட்டுவது. அவர் பொய் எழுதவில்லை. ஆறு மணிக்கு உண்மையாகவே 14.0 காட்டியது. அக்கறையால்தான் அரிசி உடைந்தது.

படி 7: நம்பிக்கையை உடைக்கப் போகாதீர்கள், அதன் மேலேயே வழி போடுங்கள்

கண்டுபிடித்ததும் ‘இந்தப் பண்பாட்டை மாற்ற வேண்டும்’ என்று கிளம்பத் தோன்றும். முதலில் இது எங்கெல்லாம் உதவுகிறது என்று எழுதுங்கள். யாரும் சொல்லாமலே உலர்ந்த உமி மூட்டை தூக்கி வருகிறார்களே, அதுவும் இதே நம்பிக்கைதான். அதை இழந்துவிட்டால் இரவு ஷிஃப்ட்டே ஓடாது.

அதனால், கூப்பிடச் சொல்வதை விட்டுவிட்டோம். சொல்வது என்பதை ஒரு வேலையாக மாற்றினோம். டிரையர் பக்கத்தில் சும்மா கிடந்த ஒரு தொட்டியை ஆறப்போடும் தொட்டி என்று ஒதுக்கினோம். மூன்று மணிக்கு ஈரம் 16க்கு மேல் இருந்தால், யாரையும் கேட்காமல் அந்த லாட்டை அதில் மாற்றி, வாயிலில் சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். அந்த முடிவு முழுக்க டிரையர் அண்ணனுடையது. துணி கட்டினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். ரிஜிஸ்டரில் ‘ஆறப்போட்டது’ என்று தனிக் கட்டம் போட்டோம். இந்த யோசனையில் பாதி பாய்லர் பார்ப்பவர் சொன்னது. நான் ஒரு படிவம் அடித்து வைத்திருந்தேன், அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

முதலாளியிடம் தனியாக ஒன்று பேச வேண்டியிருந்தது. கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று அவரிடம் சொல்லக் கூடாது. நான் வாக்கியத்தையும் கதையையும் மட்டும் சொன்னேன், கதை அவருக்கே தெரியும். அவருடைய பங்கு எது என்பதையும் சொன்னேன்: முதல் சிவப்புத் துணியைப் பார்க்கும் காலையில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஒரு புது வழி நிலைக்குமா என்பது, அதனால் முதல் நஷ்டம் வரும் நாளில்தான் தெரியும். பெரிய முதலாளி கொடுத்த வேட்டி இத்தனை வருஷம் பேசியது அதனால்தான்.

அந்தக் காலை புரட்டாசியில் வந்தது. இரவெல்லாம் மழை. ரிஜிஸ்டரில் அண்ணன் கையெழுத்தில் 17.2, பக்கத்தில் ‘ஆறப்போட்டது’. ஒன்பது மணி லாரிக்குச் சரக்கு தயாராக இல்லை. முதலாளி துணியைப் பார்த்தார், தொட்டிக்குள் கையை விட்டு நாலு மணி எடுத்துக் கடித்துப் பார்த்தார். அப்புறம் லாரி நிற்கும்போதே, திருச்சிக்குப் போன் போட்டார். ‘லோடு சாயங்காலம்தான் வரும். நெல் ஆறிக்கிட்டு இருக்கு’ என்றார். டிரையர் பக்கம் ஆறு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.